மறையூர் பேச்சுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சப்டைட்டில்: முதல் தடவை போடுகிறவர்களுக்கு

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு செக்போஸ்ட்டைத் தாண்டி மேலே ஏறினால் மறையூர். கேரளத்துக்குள் இருந்தாலும் கரும்புக் காட்டிலும் வெல்ல ஆலையிலும் தமிழ்தான் அதிகம் கேட்கும். அந்தத் தமிழுக்குள் மலையாளமும் தாராளமாக வந்து போகும். இங்கே ஒரு வெல்ல ஆலையைப் பற்றி பன்னிரண்டு நிமிடப் படம் எடுத்து, எடிட்டிங்கும் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் இருப்பவரும் பார்க்க வேண்டும், தமிழ் தெரியாதவரும் பார்க்க வேண்டும். அதற்குத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என இரண்டு சப்டைட்டில் ஃபைல்கள் செய்வதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நான் பயன்படுத்துவது `Subtitle Edit` என்ற இலவச மென்பொருள். விண்டோஸ் கணினியில் ஓடும். வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் கீழே வரும் அளவுகள் மாறாது.

படம் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்

சப்டைட்டில் என்பது நேரக் கணக்கு. தொடக்கத்தில் ஐந்து விநாடிக்கு ஒரு லோகோவைச் சேர்த்தால் அதற்கு அப்புறம் வரும் எல்லா வரிகளும் ஐந்து விநாடி முன்னால் வந்து நிற்கும். அதனால் எடிட்டரிடம் "இனி ஒரு வெட்டும் இல்லை" என்று கேட்டு வாங்கிய ஃபைலில்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அப்படியும் பிறகு வரிகள் பிசகினால், எப்படிப் பிசகுகிறது என்று பாருங்கள். படத்தின் முதல் வரியும் கடைசி வரியும் ஒரே அளவு தள்ளி நின்றால், எங்கோ முன்னால் ஒரு துண்டு கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. `Synchronization` மெனுவில் `Adjust all times` போய் மொத்தமாக நகர்த்தினால் சரியாகிவிடும். முதல் வரி சரியாக இருந்து, போகப் போக இடைவெளி கூடிக்கொண்டே போனால் அது வேறு நோய். படத்தின் ஓட்ட வேகமே மாறியிருக்கிறது. விநாடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்த படத்தை யாரோ 24 ஃப்ரேமாக ஓடவிட்டு எக்ஸ்போர்ட் செய்திருப்பார்கள். பத்து நிமிடத்தில் அது 25 விநாடி தூரத்துக்குப் போய்விடும். இதைத் தள்ளித் தள்ளிச் சரிசெய்ய முயன்றால் விடியும்வரை முடியாது. அதே மெனுவில் உள்ள `Point sync` போய், முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் சரியான நேரத்தைக் கொடுங்கள். நடுவில் உள்ளதை அதுவே இழுத்துப் பொருத்தும்.

காதில் விழுந்ததை எழுதுவது

நேரம் குறிக்கும் முன்னால் பேச்சு முழுவதையும் எழுதிக்கொள்ள வேண்டும். எல்லைப் பக்கத்தில் இந்த இடத்தில்தான் சப்டைட்டில் பெரிதாகத் தவறிப் போகிறது. நான் வேலை செய்த முதல் படத்தில் ஆங்கில வரிகளை வெளியூர் நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். ஆலைக்காரர் படம் முழுக்க "சர்க்கரை" என்று சொல்கிறார், நண்பர் படம் முழுக்க சீனி என்று பொருள்படும் `sugar` போட்டிருந்தார். திரையில் உருண்டை உருண்டையாக வெல்லம் பிடிக்கிறார்கள், கீழே சீனி என்று ஓடுகிறது. திரையிட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். மறையூர்த் தமிழிலும் அப்படியே புழங்குகிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதும் அந்த மறையூர் வெல்லம்தான். ஆகவே ஆங்கிலத்தில் எல்லா இடத்திலும் `jaggery` என்றே வர வேண்டும். இதே ஆபத்து "வெள்ளம்" என்ற சொல்லிலும் இருக்கிறது. அவர்கள் மலையாள வழக்கில் குடிக்கிற தண்ணீரைச் சொல்லியிருப்பார்கள். நமக்கு அது ஆற்றில் வருகிற வெள்ளமாகப் படும், லகர ளகரத்தைச் சரியாகக் கேட்காதவருக்கு அதுவே வெல்லமாகிவிடும். "நேத்து பூரா பனி" என்று ஒருவர் சொன்னால் மலையில் பனி இறங்கியதா, அவருக்குக் காய்ச்சலா என்று முன்பின் பேச்சைக் கேட்டுத்தான் முடிவெடுக்க முடியும். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல்.

அதனால் எழுதி முடித்த தாளை எடுத்துக்கொண்டு பேசியவர் வீட்டுக்கே ஒரு நடை போய்வாருங்கள். அவரோ, வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவரோ அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். சந்தேகம் வந்த சொற்களின் பக்கத்தில் நேரத்தைக் குறித்து வைத்திருந்தால், அந்த இடங்களை மட்டும் போட்டுக் காட்டிக் கேட்கலாம். ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். வழிப்பலகையில் இருப்பது போல `Marayoor`, `Kanthalloor` என்றே வைத்துக்கொண்டால் படம் முழுக்க ஒரே எழுத்தாக இருக்கும்.

தமிழ் சப்டைட்டிலில் சர்க்கரையை என்ன செய்வது? பார்ப்பவர் காதில் சர்க்கரை என்று கேட்கும்போது கண்ணில் வெல்லம் என்று வந்தால் கண்ணும் காதும் முரண்படும். நான் சர்க்கரை என்றே விடுகிறேன். முதல் தடவை வருகிற இடத்தில் மட்டும் "சர்க்கரை, அதாவது வெல்லம்" என்று போட நேரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். வினை முடிவுகளிலும் எழுத்துக்கூட்டலிலும் மட்டும் கொஞ்சம் கை வைப்பேன். "மாத்துனேன்" என்பதை "மாற்றினேன்" என்றும், "நெறம்" என்பதை "நிறம்" என்றும் எழுதுவேன். பேச்சை அப்படியே எழுத்துக்கூட்டி எழுதினால் படிக்கிற கண் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி நிற்கும், அதற்குள் வரி போய்விடும். சொற்கள் அவருடையதாக இருக்கட்டும், எழுத்து படிப்பவர் பழகியதாக இருக்கட்டும்.

ஒரு வரியில் எவ்வளவு

திரையில் ஒரே நேரத்தில் வருகிற துண்டைக் கார்டு என்று சொல்கிறேன். ஒரு கார்டில் அதிகபட்சம் இரண்டு வரி. ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு 42 எழுத்து என்பது பரவலான வழக்கம். இடைவெளியும் புள்ளியும் சேர்த்துத்தான் இந்த 42. ஒரு விநாடிக்கு 17 எழுத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் நிதானமாகப் படிக்கலாம்.

தமிழில் சிக்கல் எண்ணுவதில் இருக்கிறது. "சுண்ணாம்பு" என்ற சொல்லில் நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்குப் பத்து. சு என்பது ச ஒன்று, உகரக் குறி ஒன்று. ண் என்பது ண ஒன்று, புள்ளி ஒன்று. இப்படியே போகும். உங்கள் மென்பொருள் எப்படி எண்ணுகிறது என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு சொல்லை மட்டும் ஒரு கார்டில் அடித்து, ஓரத்தில் வரும் எண்ணைப் பாருங்கள். பத்து என்று காட்டினால் தமிழுக்கும் வரிக்கு 42 என்றே வைக்கலாம். ஐந்து என்று காட்டினால் 26, 27-க்கு மேல் போக வேண்டாம். கிட்டத்தட்ட இரண்டும் ஒரே நீளம்தான். "பாகு பதம் வந்ததும் கொப்பரையை இறக்கணும்" என்ற வரி கணினிக் கணக்கில் 38, நம் கணக்கில் இடைவெளி சேர்த்து 25. இங்கிருந்து கீழே நான் சொல்வதெல்லாம் கணினிக் கணக்கு.

விநாடிக்கு எத்தனை என்றால், தமிழுக்கு நான் 15 வைத்துக்கொள்கிறேன். இதைவிட வேகமாகப் படிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் ஊரில் திரையிடும்போது வரி மறைவதற்குள் படித்து முடிக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். இவை எல்லாம் கிடைமட்டப் படத்துக்கு. ஃபோனை நிமிர்த்திப் பார்க்கிற செங்குத்துப் படம் என்றால் வரி நீளத்தைப் பாதியாக்குங்கள்.

`Options` மெனுவில் `Settings` போய், `General` பக்கத்தில் இந்த எண்களைக் கொடுத்துவிட்டால் மீறுகிற கார்டுகளை நிறம் மாற்றிக் காட்டும். குறைந்தபட்ச நேரம் 1 விநாடி, அதிகபட்சம் 7 விநாடி, இரண்டு கார்டுகளுக்கு நடுவே 80 மில்லிசெகண்ட். 25 ஃப்ரேம் படத்தில் 80 மில்லிசெகண்ட் என்பது இரண்டு ஃப்ரேம். அந்தச் சின்ன இடைவெளி இல்லாவிட்டால் வரி மாறியதையே கண் கவனிக்காமல் போகும்.

ஒரு பேச்சை எடுத்துச் செய்து பார்ப்போம்

படத்தின் மூன்றாவது நிமிடத்தில் ஆலைக்காரர் அடுப்பருகே நின்று சொல்கிறார்: "பாகு பதம் வந்ததும் கொப்பரைய இறக்கணும். ஒரு நிமிஷம் விட்டா கருகிரும். கருகுனா சர்க்கரைக்கு நெறம் போயிரும், வெலையும் போயிரும்." பேச்சு 3 நிமிடம் 12.4 விநாடியில் தொடங்கி 19.4-ல் முடிகிறது. மொத்தம் 7 விநாடி. அடுத்தவர் 21-வது விநாடியில்தான் வாய் திறக்கிறார்.

முழுவதையும் ஒரே கார்டில் போட்டால் நூறு எழுத்தைத் தாண்டும், ஏழு விநாடியும் சொற்சுவராக நிற்கும். அவரே நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு விடுகிறார். அங்கேயே வெட்டலாம்.

```
41
00:03:12,400 --> 00:03:15,000
பாகு பதம் வந்ததும் கொப்பரையை இறக்கணும்

42
00:03:15,080 --> 00:03:17,100
ஒரு நிமிஷம் விட்டால் கருகிடும்

43
00:03:17,180 --> 00:03:20,600
கருகினால் சர்க்கரைக்கு நிறம் போகும்,
விலையும் போகும்
```

எஸ்ஆர்டி ஃபைல் என்றால் இவ்வளவுதான். கார்டு எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வரிகள், ஒரு வெற்று வரி. மில்லிசெகண்டுக்கு முன்னால் காற்புள்ளி வரும், புள்ளி அல்ல. முதல் கார்டு 38 எழுத்து, 2.6 விநாடி. இரண்டாவது 30 எழுத்து, 2 விநாடிக்குச் சற்று மேல். மூன்றாவது 51 எழுத்து. அதற்கு 3.4 விநாடியாவது வேண்டும், ஆனால் பேச்சு 2.2 விநாடியில் முடிந்துவிடுகிறது. இங்கே வரியைச் சுருக்க வேண்டியதில்லை. அடுத்த பேச்சு வரும்வரை இடம் இருப்பதால் 20.6 வரை நிற்கவிட்டேன். குரல் நின்ற பிறகு ஒரு விநாடி வரி நிற்பது யாருக்கும் தொந்தரவில்லை. குரலுக்கு முன்னால் வரி வந்துவிடுவதுதான் தொந்தரவு. இடம் இல்லாதபோதுதான் சொல்லைக் குறைக்க வேண்டும்.

தொடக்கத்தைப் பிடிக்க கீழே ஓடும் ஒலி அலையைப் பார்த்துக் கார்டின் ஓரத்தை இழுத்து வைக்கலாம். ஆனால் கரும்பு பிழியும் இன்ஜின் ஓடுகிற இடங்களில் அலை ஒரே பட்டையாகத் தெரியும். அங்கே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு காதை நம்புவதைத் தவிர வழியில்லை. காட்சி மாறுகிற வெட்டுக்கு ஓரிரு ஃப்ரேம் முன்பின் வரி முடிவதாக இருந்தால் அதை வெட்டோடு சேர்த்து முடித்துவிடுங்கள். காட்சி மாறிய பிறகு அரைக்கால் விநாடி வரி ஒட்டிக்கொண்டிருந்தால் கண் மறுபடியும் அதைப் படிக்கப் போகும்.

இப்போது ஆங்கிலம். நேரங்களை அப்படியே வைத்துக்கொண்டு வேறு பெயரில் சேமித்து, வரிகளை மட்டும் மாற்றலாம். முதல் கார்டுக்கு நான் முதலில் எழுதியது இது:

```
Once the syrup is ready,
take the pan off the fire.
```

மொத்தம் 50 எழுத்து. 2.6 விநாடிக்குள் விநாடிக்கு 19 ஆகிறது. பொருளில் குறை வைக்காமல் சுருக்கியது இப்படி:

```
41
00:03:12,400 --> 00:03:15,000
When the syrup is ready,
lift off the pan.

42
00:03:15,080 --> 00:03:17,100
One extra minute and it burns.

43
00:03:17,180 --> 00:03:20,600
Burnt jaggery loses its colour,
and then its price.
```

இப்போது முதல் கார்டு விநாடிக்கு 16-க்குள். அடுப்பு திரையிலேயே எரிந்துகொண்டிருக்கிறது, அதைச் சொல்லில் வேறு சொல்ல வேண்டாம்.

வினை கடைசியில் வரும் மொழி

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது எனக்குப் பிடிபட நாளானது இந்த ஒன்றுதான். நாம் வினையைக் கடைசியில் வைக்கிறோம். ஒரு வாக்கியம் இரண்டு கார்டில் பிரிந்தால், தமிழில் இரண்டாவது கார்டில் வரும் செய்தி ஆங்கிலத்தில் முதல் கார்டிலேயே வந்து நின்றுவிடும். அதே ஆலைக்காரர் சொல்கிறார்: "எங்க தாத்தா காலத்துல மாடு கட்டி ஆட்டின ஆலைய, நான்தான் மொதல்ல டீசல் இன்ஜினுக்கு மாத்துனேன்." முதல் பாதிக்குத் திரையில் பழைய புகைப்படம், மாடுகள் செக்கைச் சுற்றுகின்றன. இரண்டாம் பாதிக்கு இன்ஜின். ஆங்கில இலக்கணப்படி நேராகத் திருப்பினால் மாடு சுற்றும்போது இன்ஜினைப் பற்றிய வரி வரும், இன்ஜின் ஓடும்போது தாத்தா வருவார். அதனால் ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்து, அவர் சொன்ன வரிசையிலேயே எழுத வேண்டும்:

```
In my grandfather's day
bullocks turned this mill.
```

```
I was the first
to bring in a diesel engine.
```

தமிழ் ஃபைலுக்குள்ளேயும் இதே குணத்தால் ஒரு ஆபத்து உண்டு. நமக்கு மறுப்பும் கடைசியில்தான் வருகிறது. கரும்புச் சாற்றில் அழுக்கை எடுக்கக் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். "நாங்க சுண்ணாம்பு நெறைய சேர்க்கிறது இல்ல" என்று அவர் இழுத்துப் பேசும்போது, "நாங்கள் சுண்ணாம்பு நிறைய சேர்ப்பது" என்று ஒரு கார்டும் "இல்லை" என்று அடுத்த கார்டும் வந்தால், இடையில் ஒரு விநாடிக்கு அவர் சொன்னதற்கு நேரெதிரான செய்தி திரையில் நிற்கும். அந்த நேரத்தில் திரையை விட்டுத் திரும்பியவர் அதையே நம்பிப் போவார். "இல்லை"யை வினையோடு ஒரே வரியில் பிடித்து வையுங்கள். எண்ணையும் அது எண்ணுகிற பொருளையும், "கருகிய வெல்லம்" போன்ற பெயரெச்சத்தையும் பெயரையும், "செய்து கொண்டிருந்தேன்" போன்ற இரட்டை வினையையும் வரி முடிவில் பிரிக்காதீர்கள்.

எழுத்து உடையாமல் இருக்க

சேமிக்கும்போது மேலே உள்ள பட்டியலில் யுடிஎஃப்-8 இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎன்எஸ்ஐ போன்ற பழைய முறையில் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அந்த ஃபைலிலிருந்து தமிழைத் திரும்ப எடுக்க முடியாது. ஃபைல் பெயர்களை `padam.ta.srt`, `padam.en.srt` என்று வைத்துப் படத்தோடு ஒரே ஃபோல்டரில் போட்டால் விஎல்சியில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். யூடியூபிலும் இரண்டையும் தனித்தனி மொழியாக ஏற்றலாம். முடிந்தவரை இப்படித் தனி ஃபைலாகவே கொடுங்கள். பிழை தெரிந்தால் மாற்றலாம்.

திரையிடுகிறவர் படத்தோடு சேர்த்தே கேட்டால் மட்டும் எரித்துக் கொடுங்கள். `ffmpeg` என்ற இலவச மென்பொருள் இருந்தால் ஒரே கட்டளை:

```
ffmpeg -i padam.mp4 -vf "subtitles=padam.ta.srt:force_style='FontName=Noto Sans Tamil,FontSize=20'" -c:a copy padam_ta.mp4
```

அந்த எழுத்துரு கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். முதல் நாலு நிமிடத்தை மட்டும் எரித்து, "கொப்பரை" வருகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கொம்பு தனியாகவும் க தனியாகவும் நின்றாலோ, புள்ளிவட்டம் ஒன்று எட்டிப் பார்த்தாலோ, எழுத்தைக் கோக்கும் வேலை அங்கே நடக்கவில்லை என்று அர்த்தம். எழுத்துருவை மாற்றுங்கள், அதற்கும் சரியாகாவிட்டால் `ffmpeg`-இன் புதிய பதிப்பைப் போடுங்கள். இரண்டு மொழியையும் ஒன்றாக எரிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. நாலு வரி நின்றால் கொப்பரையே தெரியாது. மறுத்துவிட்டு இரண்டு தனிப் படங்களாகக் கொடுப்பதே நல்லது.

கடைசியாகப் பார்ப்பது

ஒலியை நிறுத்திவிட்டு ஒரு தடவை முழுப் படத்தையும் பாருங்கள். வரிகளை மட்டும் வைத்துக் கதை புரிய வேண்டும். அப்புறம் ஃபோனில், கை நீளத்தில் வைத்து ஒரு தடவை. அடுத்து, அந்தப் படத்தைப் பற்றி எதுவும் தெரியாத இரண்டு பேரைப் பிடியுங்கள். மறையூர்ப் பக்கம் வராத தமிழர் ஒருவர், தமிழ் தெரியாத ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்க்காமல் அவர்கள் கண்ணைப் பாருங்கள். கண் வரியின் பாதியில் இருக்கும்போதே வரி மறைந்தால் அந்தக் கார்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் திரும்பி "இந்த இடத்தில் என்ன சொன்னார்?" என்று கேட்டால் அதையும் குறியுங்கள். நான் கடைசியாகச் செய்த படத்தில் இப்படி பதினோரு கார்டுகள் வந்தன. அதில் ஏழு, நேரம் போதாதவை. நாலு, சர்க்கரை மாதிரி சொற்கள்.